தவறி வந்த 48,500 ரூபாய்: யாரிடம், எப்படித் திருப்புவது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 3ஆம் தேதி என் சேமிப்புக் கணக்கில் 48,500 ரூபாய் வரவாகியிருக்கிறது. அதற்கு முன் இருந்தது 1,340 ரூபாய்தான். நான் கவனிப்பதற்குள் 5ஆம் தேதி தையல் இயந்திரக் கடனின் தவணை 3,850 ரூபாய் தானாகப் பிடித்தமாகிவிட்டது. 6ஆம் தேதி பாஸ்புக் பதிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. `NEFT` என்றும் ஏதோ ஒரு டிரேடர்ஸின் பெயரும் அச்சாகியிருந்தன. கவுன்டரில் சொன்னதற்கு, "அனுப்பியவர் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒருவர் போன் செய்து, பாவூர்சத்திரத்தில் கமிஷன் கடை வைத்திருப்பதாகவும் நம்பர் மாறிப் பணம் வந்துவிட்டதாகவும் சொல்லி, ஒரு ஜிபே எண்ணுக்கு உடனே போடச் சொல்கிறார். நாளைக்கு மூன்று முறை கூப்பிடுகிறார். "நாம் கேட்டா வந்தது? சென்னையில் ஒரு கார் டிரைவர் 21,000 ரூபாயைத் திருப்பித் தரவே இல்லையே" என்கிறான் தம்பி. போலீஸ் வருமோ என்று மாமியார் பயப்படுகிறார். செலவான 3,850 ரூபாயும் இப்போது கையில் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பேசலாம். அந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நாளைக் காலையிலேயே கிளைக்குப் போய், கவுன்டரில் வாயால் சொல்லாமல், மேலாளரின் பெயருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு வங்கி வழியாகவே திரும்பிப் போக வேண்டும். இந்த மூன்றும் சரியாக நடந்தால் உங்கள் மாமியார் நிம்மதியாகத் தூங்கலாம்.

நீங்கள் 6ஆம் தேதியே கவுன்டரில் சொன்னது நல்ல காரியம். ஆனால் அதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், அன்று கவுன்டரில் இருந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். அப்படி ஒருவர் வந்ததாக நினைவில்லை என்று சொன்னாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தகைய விவகாரங்களில் உங்கள் நேர்மைக்குச் சாட்சி முத்திரை விழுந்த ஒரு தாள்தான்.

பெயர் வேறாக இருந்தும் பணம் எப்படி வந்தது?

பலரும் நினைப்பதுபோல் இதில் உங்கள் வங்கி தவறு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர், கணக்கு எண், கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகிய மூன்றும் எழுதப்படுகின்றன. ஆனால் வரவு வைக்கும் வங்கி கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. கணக்கு எண்ணைச் சரியாக எழுதும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. ஒரு மண்டிக்காரர் தக்காளி போட்ட விவசாயிக்குப் பணம் அனுப்பும்போது கடைசி எண்களில் 63 என்பதை 36 என்று அடித்திருக்கலாம். அந்த எண்ணில் கணக்கே இல்லாவிட்டால் பணம் தானாகத் திரும்பியிருக்கும். அதே எண்ணில் நீங்கள் ஒருவர் இருந்ததால் உங்களிடம் வந்துவிட்டது.

2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும், அனுப்புவதற்கு முன்பே கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. அப்படிப் பெயர் காட்டினாலும் அதைப் படிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தவறு யாருடையது என்பது உங்கள் விஷயத்தில் முக்கியமானது, ஏனென்றால் வங்கியின் அதிகாரம் அதைப் பொறுத்தே மாறுகிறது. வங்கி ஊழியரே ஒருவரின் சலானை உங்கள் கணக்கில் பதிந்திருந்தால், வங்கி அந்தப் பதிவைத் தானே திருத்திக்கொள்ளும். உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்காது. ஆனால் வெளியிலிருந்து வேறொரு வாடிக்கையாளர் தவறான எண்ணுக்கு அனுப்பியிருந்தால், உங்கள் வங்கியைப் பொறுத்தவரை அது முறையாக வந்த வரவு. உங்கள் எழுத்துச் சம்மதமோ, நீதிமன்றத்தின் அல்லது விசாரணை அமைப்பின் உத்தரவோ இல்லாமல் அதை எடுத்து அனுப்ப வங்கி தயங்கும். கவுன்டரில் உங்களுக்குக் கிடைத்த அரைகுறை பதிலின் வேர் இதுதான். பாஸ்புக்கில் `NEFT` என்று இருப்பதால் உங்களுடையது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எனவே உங்கள் சம்மதக் கடிதம்தான் இங்கே திறவுகோல்.

தம்பி சொல்வதும் மாமியார் பயப்படுவதும்

"நாம் கேட்கவில்லையே" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அனுப்பியவரின் கவனக்குறைவுதான் காரணம் என்றாலும் இந்தக் கடமை போவதில்லை. ஆறு மாதம் யாரும் கேட்காவிட்டால் பணம் நமக்கே சொந்தமாகிவிடும் என்று பேசிக்கொள்வதும் சரியல்ல. தவறு தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை அனுப்பியவர் உரிமையியல் வழக்குப் போடலாம். எழுத்து மூலம் கேட்ட நாளிலிருந்து வட்டியும் கோரலாம்.

சென்னைக் கதையைத் தம்பி பாதிதான் சொல்லியிருக்கிறார். 2023 செப்டம்பரில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவானது உண்மை. மெய்தானா என்று பார்க்க அவர் 21,000 ரூபாயை நண்பருக்கு அனுப்பியதும், சிறிது நேரத்தில் மீதித் தொகை முழுவதையும் வங்கி திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்மை. பிறகு இரு தரப்பு வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேசி, அந்த 21,000 ரூபாயைக் கேட்பதில்லை என்று வங்கி விட்டுக்கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. அங்கே தவறு வங்கியுடையது, விட்டுக்கொடுத்ததும் வங்கிதான். உங்கள் கணக்கில் இருப்பது வங்கியின் பணமல்ல, யாரோ ஒருவர் சரக்குக்குக் கொடுக்க வைத்திருந்த பணம். அவர் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதே நாட்டில், 2021இல் பீகாரின் ககாரியா மாவட்டத்தில், தவறி வந்த ஐந்தரை லட்சம் ரூபாயைச் செலவழித்துவிட்டு, வங்கி கேட்டும் திருப்பித் தர மறுத்த ஒருவர் கைது செய்யப்பட்டார். தம்பி அந்தச் செய்தியையும் படிப்பது நல்லது.

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். கணக்கில் பணம் வந்து விழுவது குற்றமல்ல. அது பிறருடையது என்று தெரிந்த பிறகு, நேர்மையற்ற எண்ணத்தோடு அதைத் தனதாக்கிக்கொள்வதுதான் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் இருந்த இந்தக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. அபராதத்தோடு முடியவும் வழி இருந்தது. புதிய சட்டத்தில் குற்றம் நிரூபணமானால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, அதிகபட்சம் இரண்டு ஆண்டு, கூடவே அபராதம். 5ஆம் தேதி பிடித்தமான தவணையை யாரும் உங்கள் குற்றமாகச் சொல்ல முடியாது. அது கணினி செய்த வேலை. அன்று உங்களுக்கு விஷயமே தெரியாது. 6ஆம் தேதி பாஸ்புக்கைப் பார்த்த நிமிடத்திலிருந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் சட்டம் கேட்கும். எனவே இன்னும் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

போனில் பேசுகிறவர் யார்?

அவர் உண்மையான மண்டிக்காரராகவே இருக்கலாம். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் நாள்தோறும் இப்படி எத்தனையோ தொகைகள் கைமாறுகின்றன; பணம் போன மனிதருக்குப் பதற்றம் வருவது இயல்பு. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நெஃப்டில் அனுப்பியவரிடம் இருப்பது உங்கள் கணக்கு எண், கிளை, அவர் அடித்த ஏதோ ஒரு பெயர், அவ்வளவுதான். உங்கள் கைபேசி எண் அதில் எங்கும் வராது. வாடிக்கையாளரின் எண்ணை வெளியாருக்குக் கொடுக்க வங்கிக்கு அனுமதியும் இல்லை. அப்படியானால் அவருக்கு உங்கள் எண் எப்படிக் கிடைத்தது? சிற்றூர்க் கிளைகளில் இரக்கப்பட்டு யாராவது சொல்லியிருக்கலாம். அல்லது உங்கள் கணக்கு எண், பெயர், கைபேசி எண் மூன்றும் ஏற்கெனவே வேறு யார் கையிலோ இருந்திருக்கலாம். இந்த இரண்டாவது சாத்தியத்தைத்தான் ஒதுக்கிவிட முடியவில்லை.

இணைய மோசடிக்காரர்கள் ஒருவரிடம் பறித்த பணத்தைத் தங்கள் கணக்குக்கு நேராகக் கொண்டுபோவதில்லை. இடையில் ஏதுமறியாத ஒருவரின் கணக்கில் போட்டு, "தவறி வந்துவிட்டது, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பது அவர்களுக்குப் பழகிய வழி. பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணில் புகார் கொடுத்ததும், காவல் துறை அந்தப் பணம் சென்ற கணக்குகளை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். முதல் கணக்கு உங்களுடையதாக இருக்கும். நீங்கள் நல்லெண்ணத்தோடு அனுப்பிய ஜிபே எண், பணம் வந்த கணக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாததாக இருக்கும்.

என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரருக்கு இதுதான் நேர்ந்தது. வள்ளியூர்ப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவர், தவறி வந்ததாகச் சொல்லப்பட்ட 22,000 ரூபாயை, அழுதுகொண்டே பேசிய ஒரு பெண்ணின் எண்ணுக்கு அன்று மாலையே அனுப்பிவிட்டார். ஏழு வாரம் கழித்து, ஸ்போக்ஸ் கம்பி வாங்கிய கடைக்குப் பணம் போடப் பார்த்தால் போகவில்லை. வெளிமாநிலக் காவல் நிலையம் ஒன்றின் கடிதத்தின் பேரில் அவருடைய கணக்கில் 22,000 ரூபாயை நிறுத்திவைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அவர் கொடுத்தது பணத்துக்குச் சொந்தக்காரரிடம் அல்ல. அந்தத் தொகையை விடுவிக்க எழுத்தும் நடையுமாக நான்கு மாதம் போயிற்று.

அவர் உண்மையான சொந்தக்காரராகவே இருந்தாலும் ஜிபே வழி ஆபத்துதான். அவர் தன் வங்கியில் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால், அந்தப் புகார் உங்கள் வங்கிக்கு வந்து, உங்கள் கணக்கிலிருந்து மறுபடியும் 48,500 ரூபாய் கேட்கப்படும். ஒரே கடனை இரண்டு முறை தீர்த்தவர் ஆவீர்கள். வீட்டுக்கே வந்து ரொக்கமாகக் கேட்டாலும் பதில் இதுவே. உறவினரையோ ஊர்ப் பெரியவரையோ கூட்டிக்கொண்டு வந்தாலும் மாற்றம் வேண்டாம்.

அடுத்த முறை கூப்பிட்டால், கடிந்து பேசாமல் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, பணம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் உங்கள் வங்கியில் யுடிஆர் எண்ணோடு புகார் கொடுங்கள். இரண்டு வங்கியும் பேசிக்கொள்ளட்டும்." யுடிஆர் என்பது ஒவ்வொரு நெஃப்ட் பரிமாற்றத்துக்கும் உரிய குறிப்பு எண்; உங்கள் பாஸ்புக்கில் அந்த வரியிலேயே அச்சாகியிருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து அந்த எண்ணை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம், உண்மையில் அனுப்பியவரிடம் அது ஏற்கெனவே இருக்கும். உண்மையான வியாபாரி இந்தப் பதிலைக் கேட்டு ஒரு நிமிடம் முணுமுணுத்துவிட்டு வங்கிக்குப் போவார். வங்கி வழி வேண்டாம் என்று மன்றாடுகிறவர், மிரட்டுகிறவர், ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்கிறவர், ஓடிபி கேட்கிறவர் என்றால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த எண்ணைக் குறித்து 1930க்கோ `cybercrime.gov.in` தளத்திலோ தெரிவித்துவிடுங்கள். இப்போதைக்குக் காவல் நிலையத்துக்கு நீங்களாகப் போக வேண்டிய தேவை இது ஒன்றில்தான் வரும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தொகை, தேதி, குறிப்பு எண், எப்போது தெரியவந்தது, என்ன கேட்கிறீர்கள் என்பவை தெளிவாக இருந்தால் போதும். கீழே உள்ளதைக் கையாலேயே எழுதிக்கொள்ளலாம்.

"பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள். ஐயா/அம்மா, பொருள்: என் சேமிப்புக் கணக்கில் தவறுதலாக வரவான தொகையைத் திருப்பி அனுப்பக் கோருதல். மேற்படி கணக்கில் இம்மாதம் 3ஆம் தேதி நெஃப்ட் மூலம், (பாஸ்புக்கில் உள்ள யுடிஆர் எண்) என்ற குறிப்போடு, ரூ.48,500 வரவாகியுள்ளது. இந்தத் தொகை எனக்கு வர வேண்டியதல்ல. அனுப்பியவர் யார் என்றும் எனக்குத் தெரியாது. 6ஆம் தேதி பாஸ்புக் பதிந்தபோது இதை அறிந்து, அன்றே கிளையில் வாய்மொழியாகத் தெரிவித்தேன். இந்தத் தொகையை, அது அனுப்பப்பட்ட அதே கணக்குக்கு, அனுப்பிய வங்கியிடம் உறுதிசெய்துகொண்டு, திருப்பி அனுப்ப இதன்மூலம் முழுச் சம்மதம் அளிக்கிறேன். அதுவரை இந்தத் தொகைக்கு மட்டும் என் கணக்கில் பிடிப்புக் குறிக்கவும், நடவடிக்கை முடிந்ததும் எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். தன்னைப் பணத்தின் உரிமையாளர் என்று கூறும் ஒருவர் (அழைத்த எண்) என்ற எண்ணிலிருந்து வேறொரு எண்ணுக்குப் பணம் கேட்டு வருகிறார் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

இதில் இரண்டு சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். ஒன்று, "அனுப்பப்பட்ட அதே கணக்குக்கு". பாஸ்புக்கில் அனுப்பியவரின் பெயர் மட்டுமே தெரியும். அவருடைய கணக்கு எண் வங்கியின் திரையில் இருக்கும். அதனால் நீங்கள் எந்தக் கணக்கு எண்ணையும் எழுதித் தர வேண்டாம், போனில் பேசியவர் தந்த எண்ணை நிச்சயமாக எழுத வேண்டாம். இன்னொன்று, "இந்தத் தொகைக்கு மட்டும்". வங்கிக்காரர்கள் இதை லீன் என்பார்கள்: குறிப்பிட்ட தொகையை மட்டும் தொட முடியாதபடி நிறுத்திவைப்பது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு கணக்கையே முடக்கிவிட்டால், வாடிக்கையாளர் தரும் தையல் கூலியைக்கூட நீங்கள் எடுக்க முடியாது.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தின் நகலையும் இணையுங்கள். கவுன்டரில் மறுபடியும் "அனுப்பியவர் வரட்டும்" என்றால், அனுப்பியவரின் புகார் அவருடைய வங்கி வழியாக வருவது தனி வழி, நீங்கள் கொடுப்பது கணக்குதாரரின் சம்மதம், இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை என்று பொறுமையாகச் சொல்லி மேலாளரைப் பாருங்கள். மேலாளரும் வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில், பட்டுவாடாச் சான்று கேட்டு அனுப்புங்கள். வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. முத்திரை கேட்டு ஒருவர் நின்றாலே கிளைகள் கடிதத்தை வாங்கிக்கொள்கின்றன.

குறைவது 3,850 ரூபாய் அல்ல

இந்தக் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்த்தால் உங்கள் கவலை கொஞ்சம் குறையும். உங்கள் சொந்தப் பணம் 1,340, தவறி வந்தது 48,500, மொத்தம் 49,840. தவணை 3,850 போக இப்போது இருப்பது 45,990 ரூபாய். திருப்ப வேண்டியது 48,500. ஆகக் குறைவது 2,510 ரூபாய்தான். ஏனென்றால் அந்தத் தவணையில் உங்கள் 1,340 ரூபாயும் சேர்ந்தே போயிருக்கிறது. பிறர் பணத்திலிருந்து உங்கள் கடனுக்குப் போனது 2,510 மட்டுமே.

முடிந்தால் கடிதம் கொடுக்கும் நாளிலேயே 2,510 ரூபாயைக் கட்டிவிடுங்கள். அப்போது முழுத் தொகைக்கும் ஒரே கையெழுத்தாக முடியும். நகையை அடகு வைத்தெல்லாம் திரட்ட வேண்டாம். இருக்கும் தொகையில் 45,900 ரூபாயை உடனே திருப்பி அனுப்பச் சம்மதித்து, தவணை தானாகப் பிடித்தமானதால் மீதி 2,600 ரூபாயை இன்ன தேதிக்குள் கட்டுவேன் என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பெருந்தொகை வரும்போது சிறு மீதிக்குக் கால அவகாசம் தர மறுக்கும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள்; எழுதிக் கொடுத்த தேதி என்பதால் அது உங்களுக்கே எதிரான சான்றாகவும் மாறும்.

அடுத்த மாதம் 5ஆம் தேதியையும் இப்போதே நினைவில் வையுங்கள். லீன் போட்ட பிறகு அந்த 48,500 ரூபாயிலிருந்து தவணை பிடிக்க முடியாது. உங்கள் சொந்த 3,850 ரூபாய் அன்று கணக்கில் இல்லாவிட்டால் தவணை திரும்பும். அதற்குக் கட்டணமும் விழும். லீன் போடாமல் விட்டாலோ, தவணை மறுபடியும் பிறர் பணத்தைத் தின்னும். அந்த முறை "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியிருக்காது. தானாகப் பிடித்தமாகும் மற்றவற்றையும் பாருங்கள். பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் மே மாதக் கடைசியில் பலருடைய கணக்கில் அவர்களுக்கே நினைவில்லாமல் பிடித்தமாகும்.

வட்டியைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. சேமிப்பு வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்தத் தொகைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 ரூபாய் சேரும். ஒரு வாரத்தில் திருப்பிவிட்டால் அதை யாரும் கணக்குப் பார்க்கப்போவதில்லை.

பணம் திரும்பிப் போன பிறகும் ஒரு வேலை மீதியிருக்கிறது. பாஸ்புக்கை மறுபடியும் பதிந்து, 48,500 ரூபாய் பற்று என்று அச்சான வரியில் புதிய குறிப்பு எண் இருக்கிறதா, லீன் நீக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். லீனை எடுக்க மறந்துவிடும் கிளைகள் உண்டு. பிறகு நீங்கள் போடும் சொந்தப் பணம் அதில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தின் நகல், முத்திரை விழுந்த கடிதம், வங்கி தரும் பதில் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டு, குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருங்கள். அந்த மண்டிக்காரர் மீண்டும் கூப்பிட்டால் பற்று வரியின் தேதியையும் குறிப்பு எண்ணையும் மட்டும் சொல்லுங்கள். பணம் வந்துசேர்ந்ததா என்பதை அவர் தன் வங்கியில் பார்த்துக்கொள்வார்.